வாரண்டி ஸ்டிக்கருக்கு அடியில் 850

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எடை மேடையிலிருந்து ஆபீசுக்கு 350 மீட்டர். சாதாரண லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் மஞ்சள் நிற சிங்கிள் மோட் ஃபைபர் இழுத்துவிட்டு, இரண்டு முனையிலும் சுவிட்சில் செருகி மின் சிக்னலை ஒளியாக மாற்றும் எஸ்எஃப்பி மாட்யூல் வாங்கத் திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "பத்து கிலோமீட்டர் போகும் தம்பி, கம்பேட்டிபிள்தான், ஆனா எல்லா சுவிட்ச்லயும் எடுக்கும்" என்ற அண்ணாச்சி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி பேட்ச் கார்டைச் செருகி பச்சை விளக்கையும் எரியவைத்துக் காட்டினார். அந்த ஆரஞ்சைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும், அது மல்டி மோட் கார்டு, நான் இழுத்ததோ சிங்கிள் மோட்.

மில்லில் மாட்டினால் விளக்கு எரியவில்லை. அனுப்பும் இழையையும் வாங்கும் இழையையும் மாற்றிச் செருகியும் ஒன்றும் இல்லை. போன் போட்டால் கேபிளில் கட் என்றார். 2,500 ரூபாய் கொடுத்து மறுபடி ஸ்ப்ளைஸ் போட்டோம், அப்போதும் இருட்டுதான். அப்புறம் பேச்சு மாறியது: உங்க சுவிட்ச் கம்பேட்டிபிளை ஏற்கவில்லை, ஒரிஜினல் வாங்குங்கள் என்றார். சுவிட்ச் ஏற்காவிட்டால் அதன் லாகில் பெரும்பாலும் ஒரு வரி வந்திருக்கும். எங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை, மாட்யூலின் ஒளி அளவுகளைக்கூடக் காட்டியது: அனுப்புவது Tx −5 dBm, வந்து சேர்வது Rx −24 dBm.

கடைசியில் ஊர் கேபிள் டிவி லைன்மேன் வந்தார். சிவப்பு லைட் பேனாவை ஒரு முனையில் வைத்ததும் மறுமுனையில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது, கேபிளில் குறையில்லை. மாட்யூலைப் பார்த்தவர், "பத்து கிலோமீட்டர் மாட்யூல்னா கொக்கி நீலமால்லா இருக்கும், இது கருப்பால்லா இருக்கு" என்றார். கேபிளைக் கழற்றி, சுவிட்சில் இருந்த மாட்யூலின் வாய்க்கு நேரே செல்போன் முன்கேமராவைப் பிடித்தார். திரையில் வெளிறிய ஊதாப் புள்ளி. 850 நானோமீட்டர் ஒளி பல போன் கேமராக்களில் அப்படித் தெரியும், சிங்கிள் மோடுக்கான 1310 தெரியாது. (கண்ணை வைத்து மட்டும் பார்க்காதீர்கள்.) கடையின் வாரண்டி ஸ்டிக்கரை உரித்தால் அடியில் 850nm, 550m என்று அச்சிட்டிருந்தது.

850 மாட்யூல் 50 மைக்ரான் அகலமுள்ள மல்டி மோட் இழைக்குச் செய்தது. சிங்கிள் மோட் இழையின் உள்மையம் சுமார் 9 மைக்ரான்தான், ஒளியில் பெரும்பகுதி உள்ளேயே நுழையாது. இந்த வகைக்குக் குறைந்தது −17 வந்து சேர வேண்டும், எங்களுக்கு வந்தது அதைவிட மிகக் குறைவு, −24.

வேறு இடத்தில் 1310 மாட்யூல் இரண்டு வாங்கினேன், அதுவும் கம்பேட்டிபிள்தான். மாட்டியதும் விளக்கு எரிந்தது, Rx −7. பழையதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அண்ணாச்சி சொல்கிறார், "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டியளே தம்பி, வாரண்டி போச்சே."