சிப்பிக் காளான்: ரெடி பெட் வாங்குவதா, நாமே படுக்கை போடுவதா?

இரண்டையும் பார்த்துவிட்டு நாங்கள் சொந்தப் படுக்கைக்கு வந்துவிட்டோம். கணக்கை 100 படுக்கைக்குச் சொல்கிறேன். விலைகள் எங்கள் பக்கத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு படுக்கைக்கு 800 கிராம் காய்ந்த வைக்கோல் 8 ரூபாய். 40 ரூபாய் விதைப் பாக்கெட் ஒன்று இரண்டு படுக்கைக்கு வரும், ஆக 20. பை 5, விறகும் ரப்பர் பேண்டும் 7. நறுக்கி, வேகவைத்து, பையில் அடைக்கிற கூலி 15. மொத்தம் 55 ரூபாய். விதை பரவிய ரெடி பெட் 80 ரூபாய். தண்ணீர் தெளிப்பதும் பறிப்பதும் இரண்டிலும் வீட்டாள் வேலை, அதைச் சேர்க்கவில்லை.

மூன்று பறிப்பில் படுக்கைக்கு 600 கிராம், கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் ஒரு படுக்கை 90 ரூபாய் தரும். ரெடி பெட் நூறும் காய்த்தால் 9,000. செலவு 8,000 போக 1,000 மிச்சம். சொந்தப் படுக்கையில் பத்து கெட்டாலும் 8,100. செலவு 5,500 போக 2,600. வியாபாரி விலையை 120 ஆக இறக்கினால் ரெடி பெட்டில் 800 ரூபாய் கைநட்டம். சொந்தப் படுக்கையில் அப்போதும் 980 நிற்கும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் எத்தனை படுக்கை கெட்டுப்போகிறது என்பதைப் பொறுத்தது. 28 படுக்கை கெட்டால் சொந்தமும் ரெடியும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் போனால் வாங்குவதே லாபம். அதனால் எங்கே கெடுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். முதல் வாரத்திலேயே பச்சைப் பூசணம் தெரியும். விதை வைத்த அடுக்குகளில் மட்டும் பச்சை என்றால் விதையைச் சந்தேகப்படலாம். வைக்கோல் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தால் வேக்காடு போதவில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது மூழ்கிக் கிடக்க வேண்டும். அடியில் கருத்து, புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம். வேகவைத்து உலர்த்திய வைக்கோலைக் கையில் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், சொட்டுச் சொட்டாக வடியக் கூடாது. மழையில் நனைந்து மக்கிய வைக்கோலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

ரெடி பெட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. விதை பரவும் 15 முதல் 20 நாள் மிச்சம், குடிலும் சீக்கிரம் காலியாகும். அப்படியும் நாள் கணக்கில் சொந்தப் படுக்கைதான் கூடுதல் தருகிறது: 45 நாளில் 2,600, ரெடி பெட்டில் 28 நாளில் 1,000. கிலோ 200 ரூபாய்க்கு நேரடியாக வீடுகளுக்கு விற்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு உறுத்தாது. வேகவைக்க இடமோ ஆளோ இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இதெல்லாம் ஐப்பசி முதல் தை வரையிலான கணக்கு. சித்திரை வெயிலில் ஓலைக் குடிலிலும் 600 கிராம் எடுப்பது கஷ்டம். அப்போது படுக்கைக்கு 400 என்று வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு விதை வாங்குங்கள்.