மொட்டு ஈஸ்ட்டா, பிளவு ஈஸ்ட்டா, மனித செல்லா? ஓர் ஆய்வக ஒப்பீடு

செல் சுழற்சியிலோ புரதக் கடத்தலிலோ ஆய்வு தொடங்கப்போகிற ஜூனியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த உயிரியில ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். நான் எடுத்தது மொட்டு ஈஸ்ட், அதாவது பேக்கரிக்காரர் போடும் சாக்கரோமைசஸ் செரிவிசியே. பக்கத்து மேசையில் ஹீலா என்ற மனித செல் வகையை வளர்த்தார்கள். பிளவு ஈஸ்ட்டான போம்பேயைக் கொஞ்ச நாள் மட்டும் கையாண்டிருக்கிறேன். அதனால் இந்த அலசல் மொட்டு ஈஸ்ட் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டு ஈஸ்ட் 30 டிகிரியில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், போம்பே இன்னும் கொஞ்சம் மெதுவு, ஹீலாவுக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஈஸ்ட்டுக்கு வேண்டியது சர்க்கரை, பெப்டோன், ஈஸ்ட் சாறு. ஹீலாவுக்கு கன்றுக்குட்டிச் சீரமும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரும் வேண்டும். எங்கள் மதுரை நாகமலைப் பக்கம் மத்தியான மின்வெட்டு நீண்டால் ஈஸ்ட் தட்டு ஃப்ரிட்ஜில் சும்மா கிடக்கும், ஹீலாக்காரர்தான் ஜெனரேட்டரைத் தேடி ஓடுவார். இந்தக் காரணங்கள் உண்மைதான். ஆனால் நான் ஈஸ்ட்டை எடுத்தது இவற்றுக்காக அல்ல.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: வெப்பம் தாங்காத மியூட்டன்ட்கள்.

செல் பிரிவதற்கு அவசியமான ஒரு ஜீனைக் கெடுத்தால் செல் செத்துப்போகும். செத்ததை வளர்க்க முடியாது, வளர்க்க முடியாததை ஆராயவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு வழி, புரதத்தை அரைகுறையாகக் கெடுப்பது. 24 டிகிரியில் அந்தப் புரதம் ஒழுங்காக வேலை செய்யும், 37-க்கு ஏற்றினால் அதன் வடிவம் குலைந்து வேலை நிற்கும். குளிரில் வேண்டிய அளவு வளர்த்துவிட்டு, சூட்டில் வைத்து என்ன நின்றது என்று பார்க்கலாம். மொட்டு ஈஸ்ட்டை ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரே பிரதி இருக்கும் நிலையிலேயே வளர்க்க முடியும் என்பதால், கெட்ட ஜீனை மறைக்க இன்னொரு நல்ல பிரதி இருக்காது. மனித செல்லில் குறைந்தது இரண்டு பிரதி, ஹீலாவில் பல குரோமோசோம்கள் அதற்கும் மேல். அங்கே இந்தத் தேடல் எளிதல்ல.

லீலண்ட் ஹார்ட்வெல் 1970 வாக்கில் சியாட்டிலில் இப்படித்தான் தேடினார். மொட்டு ஈஸ்ட்டில் மொட்டின் அளவே கடிகார முள். மொட்டு இல்லையென்றால் சுழற்சி இன்னும் தொடங்கவில்லை, சின்ன மொட்டு என்றால் டி.என்.ஏ. நகலாகும் நேரம், பெரிய மொட்டு என்றால் உட்கரு பிரியப்போகிறது. மியூட்டன்ட்டை 37-க்கு மாற்றிச் சில மணி நேரம் கழித்துச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். செல்கள் எல்லாம் ஒரே அளவு மொட்டோடு நின்றிருந்தால் கெட்டது சுழற்சி ஜீன். பல அளவு மொட்டுகளோடு கலந்து நின்றிருந்தால் அது பொதுவான நோஞ்சான், ஒதுக்கி வையுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த ஜீன் வேலை செய்யும் கட்டத்தை ஏற்கெனவே தாண்டிவிட்ட செல்கள் நடப்புச் சுற்றை முடித்துவிட்டு அடுத்த சுற்றில்தான் நிற்கும். அவசரப்பட்டு அரை மணியில் பார்த்தால் எல்லாம் கலந்தே தெரியும், நல்ல மியூட்டன்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். மொட்டே வராமல் நின்ற சி.டி.சி.-28 இப்படிக் கிடைத்ததுதான். சுழற்சியின் முதல் வாசலைத் திறக்கும் கைனேஸ் அது.

அதே உத்தி புரதக் கடத்தலிலும் பலித்தது. ரேண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும் பெர்க்லியில், வெளியே போக வேண்டிய இன்வர்ட்டேஸ் நொதி 37-ல் உள்ளேயே தேங்கும் மியூட்டன்ட்களைத் தேடினார்கள். 1979-ல் வந்த செக்-1-ல் மொட்டுக்குள் நுண்பைகள் குவிந்து கிடந்தன. செல்லை 24-க்குத் திருப்பினால், புதுப் புரதம் உருவாவதைத் தடுத்திருந்தாலும், தேங்கிய நொதி வெளியே போனது. ஆக, சரக்கு கெட்டுப்போகவில்லை, கடைசி வாசலில் காத்திருந்தது. இன்னும் நிறைய மியூட்டன்ட்களைப் பிடிக்க ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். கடத்தல் நின்ற செல் புரதம் செய்துகொண்டே போகும், ஆனால் மேற்பரப்பு பெரிதாகாது. அதனால் கனம் கூடும். அடர்த்திக் கரைசலில் சுழற்றினால் அந்தச் செல்கள் அடியில் இறங்கிவிடும், அங்கிருந்து பொறுக்கலாம். 1980-ல் 23 ஜீன்கள் கையில் இருந்தன.

இதில் எனக்கு மிகப் பிடித்தது வரிசை கண்டுபிடித்த விதம். செக்-18 கெட்டால் சரக்கு எண்டோபிளாச வலையில் தேங்கும், செக்-1 கெட்டால் நுண்பையில். இரண்டு ஈஸ்ட்டையும் கலப்பு செய்து, வித்துகளிலிருந்து இரண்டும் கெட்ட ஒன்றைப் பிரித்தெடுத்து 37-ல் வைத்தால் எங்கே தேங்குகிறது? வலையில். அப்படியானால் வலை முந்தைய நிறுத்தம், நுண்பை பிந்தையது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இல்லாதவர்களும் ஜெல்லில் இதைப் பார்க்கலாம், வலையில் தேங்கிய இன்வர்ட்டேஸில் சர்க்கரைச் சங்கிலி குட்டையாக இருப்பதால் அது வேகமாகக் கீழே ஓடும். பின்னால் ஜேம்ஸ் ராத்மன் பாலூட்டிச் செல்லிலிருந்து பிரித்த என்.எஸ்.எஃப். புரதமும் செக்-18-ம் உறவு என்று தெரிந்தது. ஈஸ்ட் எனக்கு எதற்கு என்று கேட்கும் ஹீலாக்காரருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

போம்பேயின் பக்கம் நியாயமாகச் சொன்னால், செல் சுழற்சி மட்டும் பார்ப்பவருக்கு அது குறைந்ததில்லை. கம்பு மாதிரி நீளமாகி நடுவில் பிளப்பதால் நீளத்தை அளந்தாலே போதும். பால் நர்ஸ் கண்ட வீ மியூட்டன்ட் பாதி நீளத்திலேயே பிரிந்தது, பிரியும் நேரத்துக்கு ஒரு பிரேக் இருப்பதை அது காட்டியது. போம்பேயின் சி.டி.சி.-2 கெட்டபோது மனித ஜீன் ஒன்று அதன் இடத்தில் வேலை செய்ததை 1987-ல் அவரும் மெலனி லீயும் காட்டினார்கள். உட்கரு பிரியுமுன் நடக்கும் கட்டுப்பாடுதான் உங்கள் கேள்வி என்றால் போம்பேயை எடுங்கள். ஆனால் கடத்தல் ஆய்வுக்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் மியூட்டன்ட்களும் பழைய நெறிமுறைகளும் மொட்டு ஈஸ்ட் பக்கம்தான் அதிகம்.

ஈஸ்ட்டால் ஆகாதவையும் உண்டு. இரண்டு ஈஸ்ட்டிலும் பிரிவின்போது உட்கருச் சவ்வு உடைவதில்லை, ஆகவே சவ்வு உடைந்து மீண்டும் கூடுவதை ஆராய்பவர் ஹீலாவுக்குத்தான் போக வேண்டும். பி-53 புரதம் ஈஸ்ட்டில் இல்லை. மொட்டு ஈஸ்ட்டின் கோல்கை அடுக்காக இல்லாமல் சிதறிக் கிடக்கும். கிரிஸ்பர் வந்த பிறகு மனித செல்லிலும் ஜீனைக் கெடுப்பது முன்போலக் கஷ்டமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மதுரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நெறிமுறையில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தால் அது 23 டிகிரி ஊர்க்காரர் எழுதியது. சித்திரையில் ஏ.சி. இல்லாத நம் அறை 35-ஐத் தாண்டும். மேசையில் விட்ட தட்டில் மியூட்டன்ட் அரைகுறையாகத் திணறும், அந்த நெருக்கடியில் சூடு தாங்கப் பழகிய திரிபுகள் முந்தி வளர்ந்து தட்டையே பிடித்துவிடும். பார்வைக்கு ஆரோக்கியமான தட்டுதான். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன் அதே காலனியை இரண்டு தட்டில் இழுத்து, ஒன்றை 24-லும் ஒன்றை 37-லும் வையுங்கள். 37-ல் வளர்ந்தால் அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு, மைனஸ் 80-ல் கிளிசராலில் வைத்த மூல ஸ்டாக்கிலிருந்து மறுபடி எடுங்கள். சாதா இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும். குளிர்விக்கவும் தெரிந்த பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்றுக்கு, யு.பி.எஸ். இணைப்போடு, பட்ஜெட்டில் முதல் வரியிலேயே இடம் கேளுங்கள்.