ஐந்தாவது வருடத்தில் என் 8 போர்ட் ஸ்விட்ச்: 100F என்ற ஒரு தேர்வு

போன வாரம் இன்னொரு அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "உங்கள் கடையில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் அதே நெட்வொர்க் ஸ்விட்ச் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எட்டு கிகாபிட் போர்ட், விசிறி இல்லை, பிரவுசரில் திறந்து அமைப்புகளை மாற்றலாம். இந்த வகை ஸ்விட்ச் எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். எங்கள் ஃபிளெக்ஸ் அச்சகத்தில் தூசிக்கும் இங்க் வாசனைக்கும் நடுவே ஐந்தாவது வருடமாக ஓடுகிறது. ஒரு போர்ட்கூடப் போகவில்லை. இதைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே குறை, போர்ட் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கீழ்விரி பட்டியல். அதில் Auto, 10H, 10F, 100H, 100F, 1000F என்று இருக்கும். எண் மெகாபிட் வேகம். F என்றால் ஃபுல் டூப்ளெக்ஸ், இரண்டு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். H என்றால் ஹாஃப் டூப்ளெக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு முனைதான் அனுப்பலாம். அந்த 100F என்ன செய்கிறது என்று பக்கத்தில் எங்கேயும் ஒரு வார்த்தை கிடையாது. இந்த 100 ஃபுல் விவகாரம் எனக்கு இரண்டு முறை வேலையைக் கெடுத்திருக்கிறது.

முதல் முறை இரண்டாவது வருடத்தில். ஃபிளெக்ஸ் மெஷினுக்கு ஃபைலைத் தயார் செய்து அனுப்பும் ரிப் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு போய்விட்டது. சர்வீஸ் ஆள் வந்து வேறு கார்டு போட்டுவிட்டுப் போனார். அன்று மதியத்திலிருந்து டிசைனர்கள் அனுப்பும் ஃபைல் ஊர்ந்தது. 600 எம்பி டிஃப் ஃபைல் 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 எம்பி வீதம் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு நொடிக்கு 300 கேபிதான் கிடைத்தது. ஒரு ஃபைலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாசலில் பேனருக்காகக் காத்திருக்கும் ஆளிடம் என்ன சொல்வது?

கேபிளை மாற்றினோம். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தோம். ஹார்டு டிஸ்க் மேல் சந்தேகப்பட்டு அதையும் சோதித்தோம். ஏமாற்றியது பிங். `ping -t` கொடுத்து பத்து நிமிடம் விட்டால் ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை, எல்லாம் ஒரு மில்லி விநாடிக்குள் திரும்பி வந்தன. லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். இன்னொன்றையும் கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை. ரிப் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை வெளியே எடுத்தால் வேகம் பரவாயில்லை, அதற்கு அனுப்பினால்தான் ஊர்ந்தது.

விடை ஸ்விட்சின் புள்ளிவிவரப் பக்கத்தில் இருந்தது. 3ஆம் போர்ட்டுக்கு நேரே Late Collisions என்ற எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஃபைல் அனுப்பும்போது ஏறும், நிறுத்தினால் நின்றுவிடும். ரிப் கம்ப்யூட்டரில் `netstat -e` கொடுத்தால் அங்கே Errors ஏறியது. அப்புறம் டிவைஸ் மேனேஜரில் புதுக் கார்டின் Advanced பகுதியைத் திறந்தேன். Speed & Duplex என்ற இடத்தில் 100 Mbps Full Duplex என்று வைக்கப்பட்டிருந்தது. சர்வீஸ் ஆள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் வேகம் கூடும் என்று பலரும் இன்னும் நம்புகிறார்கள்.

நடப்பது இதுதான். ஆட்டோ நெகோஷியேஷனில் இரண்டு முனைகளும் இணைந்தவுடன் சிறிய துடிப்புகளை அனுப்பி, எந்த வேகம் முடியும், ஃபுல் டூப்ளெக்ஸ் முடியுமா என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். 1995இல் வந்த 802.3u தரம் இதை வகுத்தது. ஒரு முனையில் நாம் 100 ஃபுல் என்று கையால் நிலைநிறுத்தினால், பெரும்பாலான கார்டுகள் அந்தத் துடிப்பையே நிறுத்திவிடும். மறுமுனை ஆட்டோவில் காத்திருந்து பார்க்கும். பதில் வராது. வரும் சமிக்ஞையின் வடிவத்தை வைத்து இது 100 மெகாபிட் என்று வேகத்தை மட்டும் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்த நிலையில் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே ஸ்விட்ச் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப். விளக்கு பச்சையாக எரியும், 100M என்று காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஹாஃப் டூப்ளெக்ஸ் பக்கம், தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று எடுத்துக்கொண்டு அனுப்புவதைப் பாதியில் வெட்டிவிடும். ஃபுல் பக்கமோ யார் அனுப்புகிறார்கள் என்று பார்க்காமல் தன் பாட்டுக்கு அனுப்பும். பெரிய ஃபைலை அனுப்பும்போது ஸ்விட்ச் அதை ஃப்ரேம் எனும் சிறு துண்டுகளாக, முழு அளவில் வரிசையாகத் தள்ளுகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 123 மைக்ரோ விநாடி ஆகும். பெற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் நடுநடுவே "வந்து சேர்ந்தது" என்று ஒப்புகை அனுப்பும். அது ஸ்விட்ச் அனுப்பிக்கொண்டிருக்கும் ஃப்ரேமின் மேல் வந்து விழும். முதல் 64 பைட்டுக்குள், அதாவது 5 மைக்ரோ விநாடிக்குள் மோதினால் ஸ்விட்ச் அந்த ஃப்ரேமைத் திரும்ப அனுப்பிவிடும். 123இல் 5 என்றால் அந்த வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். மீதி எல்லாம் லேட் கொலிஷன். அவற்றைப் பெரும்பாலான சிப்கள் மறுபடி அனுப்புவதில்லை, ஃப்ரேம் போனது போனதுதான். எதிர்ப்பக்கத்துக்கு வெட்டுப்பட்ட துண்டு கிடைக்கும், அதைப் பிழை என்று எண்ணிவிட்டு எறிந்துவிடும்.

எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி என்ற நெறிமுறை, தொலைந்ததைக் கவனித்துத் திரும்ப அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் பல நேரம் அதற்கு 200 மில்லி விநாடியோ அதற்கு மேலோ காத்திருக்கும். 200 மில்லி விநாடியில் ஆயிரத்து அறுநூறு ஃப்ரேம் போயிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் பெரும்பகுதி இப்படிக் காத்திருந்தே போயிருக்கிறது. பிங் ஏன் நன்றாக இருந்தது என்பதும் இதில் தெரிகிறது. ஒரு சின்னப் பாக்கெட் போகிறது, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் கிளம்புகிறது. இரண்டும் வழியில் சந்திப்பதே இல்லை.

கார்டை Auto Negotiation என்று மாற்றினேன். அதே 600 எம்பி ஃபைல் பத்து நொடிக்குள் போனது, ஏனென்றால் இரண்டு முனையும் பேசி கிகாபிட்டுக்கே போய்விட்டன. அந்தப் புள்ளிவிவரப் பக்கம் இல்லாதிருந்தால் எத்தனை நாள் தேடியிருப்பேனோ. அன்று இந்த ஸ்விட்ச் மேல் எனக்கு வந்த அன்பு இன்னும் குறையவில்லை.

இரண்டாவது முறை போன வருடம். வாடிக்கையாளர்களுக்கு ஃபைல் அனுப்ப, எங்களுக்கென்றே தனியாக 20 மெகாபிட் இணைய லீஸ்டு லைன் எடுத்தோம். லைன்காரர்கள் வைத்த மீடியா கன்வெர்ட்டர், அதாவது அவர்கள் லைனை எங்கள் நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் பெட்டி, 100 ஃபுல் என்று நிலைநிறுத்தப்பட்டது, மாற்ற மாட்டோம் என்றார்கள். இது அசாதாரணமும் இல்லை, ஆட்டோ சரியாக வேலை செய்யாத பழைய கருவிகளின் காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. இந்த முறை எனக்கு விவரம் தெரியும். அது செருகியிருந்த 8ஆம் போர்ட்டை நானும் 100F என்று வைத்தேன். இரண்டு பக்கமும் ஆட்டோ, இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிலைநிறுத்தியது. இந்த இரண்டு வழிதான் சரி. லைன் முழு வேகத்தில் ஓடியது.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு நீண்ட மின்வெட்டு, யுபிஎஸ்ஸும் தீர்ந்தது. காலையில் வந்தால் டவுன்லோடு ஓரளவு போகிறது, அப்லோடு படுத்துவிட்டது. லைன்காரர்களுக்குப் போன் செய்தால் எங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் சண்டை. கடைசியில் ஸ்விட்சைத் திறந்தால் 8ஆம் போர்ட் Auto என்று நிற்கிறது. Apply அழுத்தினால் அமைப்பு உடனே நடப்புக்கு வரும், ஆனால் நினைவில் நிற்காது. அதற்கு வேறு பக்கத்தில் போய் Save Configuration அழுத்த வேண்டும். அழுத்தாதது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சேமிக்கப்படாத மாற்றம் இருக்கிறது என்று ஒரு சிவப்புப் புள்ளியாவது காட்டக் கூடாதா? முகப்புப் பக்கத்தில் 100M என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு அதன் பக்கத்தில் Half என்று எழுத ஒரு சொல்தானே கூடுதல்? அது இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் இரண்டு நிமிடமாகியிருக்கும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு விஷயம், இதுவும் இதே மாதிரி ஏமாற்றும். கேபிளில் எட்டுக் கம்பிகளில் சில விட்டுப்போனால் சில கார்டுகள் கிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிடும். அப்போது இரண்டு பக்கமும் ஃபுல்தான், வேகம் 11 எம்பியில் நிற்கும், பிழை எண் ஏறாது. கேபிள் மோசமாகி இரைச்சல் வந்தால் பெறும் பக்கத்தில், ஃப்ரேம் சிதைந்து வந்ததைச் சொல்லும் CRC பிழை ஏறும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் லேட் கொலிஷன் இருக்காது. ஒரு பக்கம் CRC, மறுபக்கம் லேட் கொலிஷன் என்று இரண்டும் சேர்ந்து ஏறினால் கேபிளைத் தொடவே வேண்டாம், நேரே டூப்ளெக்ஸைப் பாருங்கள். லினக்ஸ் கம்ப்யூட்டராக இருந்தால் இது போதும், eth0 என்ற இடத்தில் உங்கள் கார்டின் பெயரைப் போடுங்கள்:

```
ethtool eth0 | grep -E "Speed|Duplex|Auto"
```

நாம் ஆட்டோவில் இருந்தும் `Duplex: Half` என்று வந்தால், இந்தக் காலத்துக் கருவிகளில் அநேகமாக எதிர்முனையை யாரோ நிலைநிறுத்தியிருக்கிறார்கள்.

நண்பருக்கு என் பதில் இது. அண்ணா, நான் இன்று புதிதாக வாங்கினால் இதை வாங்க மாட்டேன், டூப்ளெக்ஸை முகப்பிலேயே காட்டும் வேறு மாடல் தேடுவேன். ஆனால் உங்கள் கடையிலும் நிலைநிறுத்திய கன்வெர்ட்டர் இருக்கிறது என்றீர்கள். அதற்கு எந்த அமைப்பும் மாற்ற முடியாத மலிவு ஸ்விட்ச் உதவாது. அது எப்போதும் ஆட்டோதான், ஃபுல்லில் நிற்கும் முனையோடு சேர்ந்தால் ஹாஃபில்தான் விழும், உங்களால் எதுவும் செய்ய முடியாது. முதலில் லைன்காரர்களிடம் கன்வெர்ட்டரை ஆட்டோவுக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள். சரி என்றால் மலிவு ஸ்விட்சே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். முடியாது என்றால் இதை வாங்குங்கள், 100F வைத்த கையோடு Save அழுத்துங்கள், ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்துப் பார்த்த பிறகு கடையை மூடுங்கள்.