படத்தை நம்பி விக் வாங்குவோர் கவனத்திற்கு

கீமோதெரபி சிகிச்சையில் தலைமுடியை இழந்த என் அக்காவுக்காக, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 18,000 ரூபாய்க்கு விக் வாங்கினோம். முழுவதும் மனித முடி, முன்பக்கம் லேஸ் எனும் மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சிட்டது என்று அவர் உறுதி கூறினார். வந்ததோ செயற்கை இழை. அணிந்து பார்த்ததால் சுகாதாரக் காரணம் காட்டித் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அவர் அனுப்பிய படங்களை விக்கோடு ஒப்பிட்டபோதுதான், எவை மறைக்கப்பட்டிருந்தன என்பது விளங்கியது.

முதலில் நெற்றி ஓரம். முகம் தெரிந்த எல்லாப் படங்களிலும் முன்முடி நெற்றியில் விழுந்திருந்தது. மற்றவை பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எடுத்தவை. இயல்பான முடி நெற்றி ஓரத்தில் மெல்லியதாகவும் அடர்த்தி குறைந்தும் தொடங்கி, சற்றே ஒழுங்கற்ற கோடாகப் பின்னால் போகப் போகத்தான் அடர்கிறது. எங்களுக்கு வந்ததில் முதல் வரிசையே சுவர் எழுப்பியதுபோல் அடர்ந்து நேராக நின்றது; லேஸில் ஒவ்வொரு முடிச்சும் கரும்புள்ளியாகத் தெரிந்தது. நல்ல விக்கில் அம்முடிச்சுகளை வெளுக்கச் செய்திருப்பார்கள். நெற்றித் தோல் துளையே இல்லாமல் வழவழப்பாகத் தெரியும் படத்தை நம்ப வேண்டாம். ஃபில்டர் தோலோடு சேர்த்து லேஸின் விளிம்பையும் அழித்துவிடும்.

நிறத்தில் ஏமாற்றியது படம் எடுத்த அறையின் மஞ்சள் விளக்கு. விக் நிற அட்டையில் 1 என்பது கடுங்கருப்பு, 1B என்பது இயல்பான கருப்பு. நம்மில் பலருக்குப் பின்னதே பொருந்தும், ஏனெனில் வெயிலில் பார்த்தால் நம் முடியில் பழுப்புச் சாயல் உண்டு, நுனி வேரைவிட வெளிறியிருக்கும். எங்களுக்கு வந்தது வேர் முதல் நுனி வரை ஒரே கடுங்கருப்பு. மீண்டும் வளரத் தொடங்கியிருந்த அக்காவின் புருவத்தோடு அது சிறிதும் ஒட்டவில்லை.

பளபளப்பை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது. எண்ணெய் தடவிய சொந்த முடியும், சிலிக்கான் பூசிய மனித முடியும் மினுங்கத்தான் செய்யும். அந்த ஒளியின் வடிவத்தைப் பாருங்கள்: இயல்பான முடியில் அது இழைக்கு இழை உடைந்து மங்கித் தெரியும், மலிவான செயற்கை இழையில் வெள்ளைப் பட்டையாக உடையாமல் ஓடும். அந்தப் பட்டை எங்களுக்கு வந்த படங்களிலேயே இருந்தது. ஷாம்பு போட்ட பளபளப்பு என்று விற்பவர் சொன்னது பொய்.

ஆகவே பணம் அனுப்பும் முன், பகலில் சன்னலோரம், ஃபில்டர் இல்லாமல், முன்முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளிக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பொருள் வந்ததும், தலையில் வைப்பதற்கு முன்பே ஓரிழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். மனித முடி கருகிய நாற்றத்தோடு பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை பொதுவாக உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். பிரிப்பதிலிருந்து எரிப்பது வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வைத்தால், அணிந்துவிட்டீர்கள் என்று சொல்லி விற்பவர் தட்டிக்கழிக்க முடியாது.