ஃபிட்டரா, வக்கீலா: 18 வயதிலிருந்து ஒரு கணக்கு

வேலூரில் பிளஸ் டூ முடித்த ஒருவர் ஐ.டி.ஐ. ஃபிட்டராகி ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகலாம். ஐந்தாண்டு சட்டம் படித்துச் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் சீனியரின் கேஸ் கட்டுகளைச் சுமக்கவும் செய்யலாம். இங்குள்ள தொகைகள் நான் வைத்துப் பார்த்த அனுமானங்கள்.

ஃபிட்டருக்கு இரண்டாண்டுப் படிப்புச் செலவு 40,000 ரூபாய், ஓராண்டு அப்ரண்டிஸ் உதவித்தொகை 96,000, பிறகு ஏழு ஆண்டுகள் மாதம் சராசரி 18,000 என்றால், 28 வயதில் நிகர வருவாய் ஏறத்தாழ 15.7 லட்சம். வக்கீலுக்குப் படிப்பு 3 லட்சம், பார் கவுன்சில் பதிவு, கோட்டு, புத்தகம் 50,000. ஜூனியராக ஐந்து ஆண்டுகள் மாதம் 8,000 கிடைத்தாலும் கையில் நிற்பது 1.3 லட்சமே.

அதன்பின் வக்கீல் ஃபிட்டரைவிட மாதம் 10,000 கூடுதலாக ஈட்டினால், 14.4 லட்ச இடைவெளி 12 ஆண்டுகளில் அடைபடும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்துக்கு 7 சதவீத வட்டி சேர்த்தால் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வட்டிக்கே போய்விடுவதால், சமநிலை வருவது 55 வயதில்தான். ஃபிட்டரின் பி.எஃப்.பில் முதலாளி செலுத்தும் பங்கை நான் சேர்க்கவே இல்லை. வக்கீலுக்கு 58 வயதில் ஓய்வு இல்லை என்பதையும், இடையிலேயே தொழிலை விட்டவர்கள் நம் கண்ணில் படுவதில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.