பழைய டிரைவருக்குத் திரும்ப மூன்று வழிகள்: எது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது?

புது டிரைவர் போட்டபிறகு கேமில் ஃபிரேம் ரேட் இறங்கிவிட்டால், பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, டிவைஸ் மேனேஜரில் உள்ள `Roll Back Driver` பொத்தான். இரண்டு, பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை இறக்கி, அதில் `Perform a clean installation` என்பதை டிக் செய்து இருப்பதன் மேலேயே போடுவது. மூன்று, டிரைவரை வேரோடு நீக்கும் DDU என்ற தனி மென்பொருளைச் சேஃப் மோடில் ஓட்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழையதைப் புதிதாகப் போடுவது.

நான் போவது இரண்டாவது வழி. DDU-வை எடுத்த எடுப்பிலேயே சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலான நேரங்களில் அது தேவைப்படுவதில்லை. இங்கே சொல்வது என்விடியா கார்டுகளை வைத்துத்தான்.

எந்த வழியில் போனாலும், முதலில் குற்றவாளி டிரைவர்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஷேடர் என்பது காட்சியை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல். டிரைவர் மாறினால், முன்பே கம்பைல் செய்து சேர்த்து வைத்த பழைய ஷேடர் கேஷ் செல்லாது. கேம் அத்தனை ஷேடரையும் மறுபடி கம்பைல் செய்கிறது. அதனால் புது டிரைவரில் முதல் அரைமணி நேரம் திக்கித் திக்கி ஓடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து பழையதற்குத் திரும்பினால் அங்கேயும் முதல் ஓட்டம் திக்கும். கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருந்தால் அதை நான்கு தடவை ஓட்டி, முதல் தடவையைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் ஒரே சேவ், ஒரே பாதை, 60 விநாடி, ஃபிரேம் ரேட்டை அளக்கும் CapFrameX மென்பொருளை வைத்துப் பதியுங்கள். சராசரியை விட, மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் 1% லோ எண்ணைக் கவனியுங்கள். கைக்குத் தெரிகிற திக்கல் அங்கேதான் எண்ணாக வரும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். RTX 3060, 1080p. 566.36 என்ற பழைய டிரைவர் பதிப்பில் சராசரி 92, 1% லோ 68. புதுப் பதிப்பில் மூன்று ஓட்டத்திலும் சராசரி 90, 91, 90. 1% லோ 66, 67, 66. இது ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் இயல்பான வித்தியாசம். இதற்காகப் பின்னுக்குப் போக வேண்டாம். அதே இடத்தில் சராசரி 84, 1% லோ 53 என்று மூன்று தடவையும் வந்தால் விஷயம் வேறு.

அப்போதும் உடனே பழையதை எடுக்காதீர்கள். அதே புதுப் பதிப்பை ஒரு முறை கிளீன் இன்ஸ்டாலாகப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். காரணம் எளிது. கிளீன் இன்ஸ்டால் செய்யும்போது கண்ட்ரோல் பேனலில் நீங்கள் மாற்றிய 3டி அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். என்றைக்கோ வைத்து மறந்த ஃபிரேம் லிமிட், ஒரு கேமுக்கு மட்டும் போட்ட வி-சிங்க், பவர் மேனேஜ்மென்ட் மாற்றம் எல்லாம் அதோடு அழியும். பழைய பதிப்பைக் கிளீனாகப் போட்டு ஃபிரேம் ரேட் ஏறினால், ஏற்றியது பதிப்பா, அழிந்த அமைப்பா என்று தெரியாமல் போகும். புதியதைக் கிளீனாகப் போட்டும் 84-லேயே நின்றால்தான் பதிப்பின் மேல் பழி போடலாம்.

இந்த இடத்தில் ரிலீஸ் நோட்ஸைத் திறக்க வேண்டும். டவுன்லோடு பக்கத்தில் இருக்கும் சுருக்கம் போதாது, பிடிஎஃப் வேண்டும். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2024 டிசம்பரில் வந்த 566.36, ரிலீஸ் 565 கிளையைச் சேர்ந்தது. அடுத்து 2025 ஜனவரி 30-ல் RTX 50 வரிசைக்காக வந்த 572.16, ரிலீஸ் 570 கிளை. கிளை பெயர் பிடிஎஃபின் முகப்பிலேயே இருக்கும். ஒரே கிளைக்குள் வரும் பதிப்புகளில் பெரும்பாலும் திருத்தங்களும் புது கேம்களுக்கான ஆதரவும்தான் இருக்கும். கிளை தாண்டினால் உள்ளே நிறைய மாறியிருக்கும். 572 வரிசையில் பிளாக் ஸ்கிரீன் புகார்கள் குவிந்து, ஏப்ரலில் வந்த 576.02-இல் நீளமான திருத்தப் பட்டியலே போட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் பழைய கார்டு வைத்திருந்தவர்கள் பலர் 566.36-க்குப் போய் உட்கார்ந்ததும் அதனால்தான். ஆகவே திரும்புவதாக இருந்தால், முந்தைய கிளையின் கடைசிப் பதிப்புக்குப் போங்கள். நேற்று வைத்திருந்த பதிப்பு அதே புதுக் கிளையில் இருந்தால் அங்கே போயும் பலனில்லாமல் போகலாம்.

அடுத்து `Open Issues` பகுதி. அங்கே "ஃபிரேம் ரேட் குறைகிறது" என்று நேராக எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2023 பிப்ரவரி 28-ல் வந்த 531.18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த குறை, கேமை மூடியபிறகும், டிரைவரோடு பின்னணியில் ஓடும் NVIDIA Container சிபியுவைத் தின்றுகொண்டே இருக்கும் என்பது. பட்டியலில் அது சிபியு பயன்பாடு பற்றிய ஒரு வரியாகத்தான் வந்தது. ஒரு கேமை மூடிவிட்டு அடுத்த கேமைத் திறப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும். ரீஸ்டார்ட் செய்து அளப்பவருக்கு எதுவுமே தென்படாது. சில நாளில் அந்தக் குறைக்கான அவசரத் திருத்தமாக 531.26 ஹாட்ஃபிக்ஸ் வந்தது. அதனால் `stutter`, `CPU usage`, `lower performance` போன்ற சொற்களையெல்லாம் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு KB5066835 அப்டேட் வந்தபிறகு சில கேம்களில் வேகம் குறைந்தது. அதற்காக நவம்பரில் 581.94 ஹாட்ஃபிக்ஸ் வெளிவந்தது. அதன் குறிப்பிலேயே அந்த KB எண் இருந்தது. அந்த மாதம் டிரைவரும் விண்டோஸும் ஒரே வாரத்தில் அப்டேட் ஆகியிருந்தால், சந்தேகம் டிரைவர் மேல்தான் விழுந்திருக்கும். பழைய டிரைவருக்குப் போனாலும் வேகம் திரும்பியிருக்காது. விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியில் உள்ள தேதியையும், ஃபிரேம் ரேட் இறங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது வழிகளுக்கு வருவோம். டிவைஸ் மேனேஜர் பொத்தான் இரண்டு நிமிட வேலை. ஆனால் அது ஒரே ஒரு படிதான் பின்னால் போகும். முந்தைய பதிப்பு டிஸ்க்கில் இல்லையென்றால் பொத்தான் மங்கலாகக் கிடக்கும். அது மாற்றுவது டிஸ்ப்ளே டிரைவரை மட்டுமே. ஹெச்டி ஆடியோ டிரைவர், NVIDIA ஆப் எல்லாம் புதிய பதிப்பிலேயே நிற்கும். இன்றிரவு ஒரு மேட்ச் ஆடியாக வேண்டும் என்றால் சரி, அதற்கு மேல் இதை நம்ப மாட்டேன்.

முடிவு செய்கிற விஷயம், பழைய பதிப்பு நிலைத்து நிற்குமா என்பதுதான். விண்டோஸ் தான் பார்த்த டிரைவர் பொட்டலங்களை டிரைவர் ஸ்டோரில் சேர்த்து வைத்திருக்கும். கார்டை மறுபடி கண்டுபிடிக்கும் சூழ்நிலை வந்தால், சம தகுதியுள்ள பொட்டலங்களில் புதிய தேதியுள்ளதைத்தான் எடுக்கும். `Roll Back Driver` அழுத்தினால் பிரச்சினைக்குரிய புதுப் பொட்டலம் அங்கேயே காத்திருக்கும். இரண்டாவது வழியில் இன்ஸ்டாலர் முதலில் இருப்பதை நீக்கிவிட்டுப் பழையதைப் போடுகிறது. போட்டு முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் அட்மின் டெர்மினலில் இவற்றை ஓட்டிப் பாருங்கள்:

```
nvidia-smi --query-gpu=driver_version --format=csv,noheader
pnputil /enum-drivers
```

முதல் வரி எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சொல்லும். டிவைஸ் மேனேஜரில் 32.0.15.6636 என்று பார்த்தால் கடைசி ஐந்து இலக்கத்தை எடுங்கள், அதுதான் 566.36. இரண்டாவது வரி தரும் நீண்ட பட்டியலில் என்விடியாவின் டிஸ்ப்ளே டிரைவர் இரண்டு தடவை வந்தால், ஒன்று மிச்சம். அதன் oem எண்ணைக் குறித்துக்கொண்டு நீக்குங்கள்:

```
pnputil /delete-driver oem27.inf
```

27-க்குப் பதில் உங்கள் எண். `/force` சேர்க்காதீர்கள். அது இல்லாதவரை, கார்டு இப்போது பயன்படுத்தும் பொட்டலத்தைத் தவறுதலாகக் குறிப்பிட்டாலும் விண்டோஸ் நீக்க மறுத்துவிடும்.

அடுத்த ஓட்டை விண்டோஸ் அப்டேட். அது அதே டிரைவரை மறுபடி கொண்டுவந்து போடலாம். தடுக்க:

```
reg add "HKLM\SOFTWARE\Policies\Microsoft\Windows\WindowsUpdate" /v ExcludeWUDriversInQualityUpdate /t REG_DWORD /d 1 /f
```

இது வைஃபை, பிரிண்டர் என எல்லா டிரைவர் அப்டேட்டையும் நிறுத்திவிடும். பிரச்சினை தீர்ந்ததும் கடைசி 1-ஐ 0 ஆக்கி மறுபடி ஓட்ட மறக்காதீர்கள்.

DDU எப்போது? இன்ஸ்டாலர் பாதியில் தோற்றுப் போகிறது, மேலே சொன்ன மிச்சம் போக மறுக்கிறது, அல்லது ஏஎம்டி கார்டைக் கழற்றி என்விடியா மாட்டுகிறீர்கள் என்றால் அதுதான் சரி. பழைய இன்ஸ்டாலரை முதலில் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடுக்குப் போங்கள். பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயைக் கேட்கலாம். போகும் முன்பே அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் நுழையும் PIN எண் வேலை செய்யாமல் அக்கவுண்ட் பாஸ்வேர்டே தேவைப்படலாம். சாதாரண பதிப்பு மாற்றத்துக்கு இவ்வளவு ஏற்பாடு அதிகம் என்பதால்தான் இரண்டாவது வழியை முன்னால் வைக்கிறேன். ஏஎம்டி பக்கம் நான் பழகியது குறைவு. அங்கே இன்ஸ்டாலரில் உள்ள `Factory Reset` இதே வேலையைச் செய்கிறது, ரிலீஸ் நோட்ஸில் `Known Issues` பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பின்னுக்குப் போவதற்கு எல்லையும் உண்டு. RTX 5090, 5080 கார்டுகளுக்கு 572.16-க்கு முன்னால் டிரைவரே கிடையாது. 5060 Ti வந்ததே 576.02-உடன்தான். பழைய கார்டில் 566.36-க்குப் போனால், NVIDIA ஆப் வழியாகக் கேம்களுக்குப் புது DLSS மாடலை, அதாவது குறைந்த தெளிவில் வரைந்த படத்தை AI கொண்டு பெரிதாக்கும் மாடலைத் திணிக்கும் வசதி போய்விடும். அது இருந்தால்தான் ஓடும் கேம் உங்களுக்கு முக்கியம் என்றால், 8 ஃபிரேம் இழப்பைச் சகித்துக்கொள்வதே லாபமாக இருக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் புதுப் பதிப்புகளோடுதான் வருகின்றன என்பதால் பழையதில் வருடக்கணக்கில் இருக்க வேண்டாம்.

எப்போது திரும்புவது என்பதற்கும் ரிலீஸ் நோட்ஸ்தான் கணக்கு. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் சதுர அடைப்பில் ஒரு எண் இருக்கும். உங்கள் பிரச்சினைக்கு ஒத்த வரி கிடைத்தால் அந்த எண்ணை 92, 68 போன்ற உங்கள் பழைய அளவோடு சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்தடுத்த பிடிஎஃப்களில் அந்த எண்ணை மட்டும் தேடினால் போதும். அது `Fixed` பகுதிக்கு நகர்ந்த பதிப்பைக் கிளீனாகப் போட்டு, அதே பாதையில் நான்கு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்.