இரண்டு ஆண்டு இடைவெளி: ஒரு கேள்வி, மூன்று பதில்கள்

சிறுசேரியிலும் கிண்டியிலுமாகப் பல ஆண்டுகள் தொழில்நுட்ப நேர்காணல் எடுத்திருக்கிறேன். "2022 முதல் 2024 வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் எதிரே இருப்பவரின் குரல் தாழ்ந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். கேள்வி அவ்வளவு பெரியதல்ல.

என் தோழி ஒருவர் ஏழு ஆண்டுகள் ஜாவாவில் வேலை பார்த்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2022 ஜூனில் வேலையை விட்டார். 2024 ஜூனில் மறுபடி வேலை தேடக் கிளம்பியபோது, இரண்டு விதமான பதில்களோடு வேளச்சேரியில் என் வீட்டுக்கு வந்தார்.

முதலாவது, உறவினர் ஒருவர் சொன்ன வழி: தெரிந்த சிறு நிறுவனத்தில் அனுபவக் கடிதம் வாங்கி இடைவெளியை நிரப்பிவிடுவது. நேர்காணலை இது தாண்டிவிடக்கூடும். அதற்குப் பின் வரும் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் பணி விவரத்தைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடிதம் சொல்லும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மாதச் சந்தாகூட இல்லையென்றால் கேள்வி எழும். வேலையில் சேர்ந்த பிறகும் வெளியேற்றப்படலாம். உண்மையாகவே தனியாகச் சில வேலைகளை எடுத்துச் செய்தவர்கள் தாராளமாகச் சொல்லலாம். யாருக்கு, என்ன செய்து கொடுத்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது பதிலில் பொய் ஒன்றும் இல்லை. மருத்துவமனை, பிசியோதெரபி, வெளிநாட்டில் இருக்கும் தம்பி என்று நான்கு நிமிடம் பேசினார். கேட்கும்போது மனம் கனத்தது. ஆனால் நேர்காணல் எடுப்பவரின் மதிப்பீட்டுத் தாளில் இதில் ஒரு வரியைக்கூட எழுத முடியாது. அங்கே இருப்பவை வடிவமைப்பு, நிரல், பிழை கண்டறிதல் ஆகியவைதாம். அதோடு, "இப்போது அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்ற தேவையற்ற கேள்விக்கும் அது கதவைத் திறந்துவிடுகிறது.

மூன்றாவது பதிலை இருவரும் சேர்ந்து எழுதினோம்:

"அப்பாவின் உடல்நிலைக்காக 2022 ஜூனில் வேலையை விட்டேன். இப்போது அவர் தானாக நடமாடுகிறார். நான் முழுநேர வேலைக்குத் தயார். நான் விலகியபோது ஸ்பிரிங் பூட் 2.7 இருந்தது. என்னுடைய பழைய பயிற்சித் திட்டம் ஒன்றை இந்த மூன்று மாதங்களில் 3.2-க்கு மாற்றினேன். எது உடைந்தது என்று சொல்லட்டுமா?"

இதுதான் சிறந்தது என்பேன். நேர்காணல் எடுப்பவருக்கு உள்ளூர இருக்கும் ஐயம், இவர் கைப்பழக்கம் விட்டுப்போனவரா என்பதுதான். அதற்கு இந்தப் பதில் நேராகப் போகிறது. தோழி விலகியிருந்த காலத்தில், 2022 நவம்பரில், ஸ்பிரிங் பூட் 3.0 வந்தது. அதற்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். பல தொகுப்புகளின் பெயரும் மாறியது:

```
javax.persistence  ->  jakarta.persistence
javax.servlet      ->  jakarta.servlet
```

தன் நிரலில் பெயரை மாற்றுவது எளிது. ஆவணப் பக்கத்துக்காக அவர் சேர்த்திருந்த `springfox` என்ற பழைய நூலகமோ இன்னும் `javax.servlet`-ஐயே தேடியது. நிரல் தொகுக்கப்பட்டது, செயலி தொடங்கும்போது விழுந்தது. கடைசியில் `springdoc-openapi`-க்கு மாறினார். "முதலில் எந்தப் பிழைச் செய்தி வந்தது?" என்று நான் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார். படித்து மட்டும் வந்தவர் அந்த இடத்தில் தடுமாறுவார். அதனால், செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னால் மூன்று பதில்களில் மிக வேகமாகச் சரிவதும் இதுதான். ஜாவா 21-இன் மெய்நிகர் இழைகளைப் பற்றி, "படித்திருக்கிறேன், பயன்பாட்டில் இருக்கும் செயலி எதிலும் கையாண்டதில்லை" என்றே சொல்லச் சொன்னேன்.

ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும், ஒரு சிக்கலைத் தவிர. பல இடங்களில் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். "ஆட்குறைப்பு" என்று மட்டும் சொன்னால் பணிவிடுவிப்புக் கடிதத்தோடு முரண்படும். "ராஜினாமா செய்தேன்" என்று மட்டும் சொன்னால், கையில் வேறு வேலை இல்லாமல் ஏன் என்பார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்: "எங்கள் பிரிவை மூடினார்கள், பதினான்கு பேரில் பதினொருவர் வெளியேறினோம். ராஜினாமாவாகப் பதிந்தார்கள், கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும்." அந்த எண்ணிக்கை, காரணம் உங்கள் திறமைக் குறைவு அல்ல என்பதைச் சொல்லிவிடும். உண்மையில் செயல்திறனைக் காரணம் காட்டித்தான் அனுப்பினார்கள் என்றால் இந்தப் பதிலைக் கடன் வாங்காதீர்கள்.

தோழிக்கு ராமாபுரத்தில் நேர்காணல் நடந்தது. தொழில்நுட்பச் சுற்றில் பெரும்பகுதி அந்த நூலகச் சிக்கலைப் பற்றியே போனது. இடைவெளி பற்றிய கேள்வி மறுபடி வந்தது மனிதவள அதிகாரியிடம், சம்பளம் பேசும்போது. அங்கேயும் அதே முதல் இரண்டு வாக்கியங்களையே சொன்னார், சொல் மாறாமல்.